வாரேனுங்க என்றவர்கள் முந்நூறு பேர்

ரஞ்சிதாவின் வேலை என்னவென்று வெண்ணந்தூரில் யாருக்கும் விளங்கவில்லை. அம்மா உண்ணாமலை தனக்கு விளங்கிய அளவில் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்: "கோழிப் பண்ணைக்காரங்களைப் போன்ல கூட்டத்துக்குக் கூப்புடற வேலைங்க." கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, தெருமுனை தாண்டியதும் சிரிப்பார்கள். வீட்டில் இருக்கும் விசைத்தறியை விட்டுவிட்டு, தினமும் பஸ் ஏறி சேலம் அஸ்தம்பட்டிக்குப் போய், கோழிக்காரர்களைக் கூப்பிடுவதற்கா பி.காம். படித்தாள் இந்தப் பெண்?

உண்ணாமலை சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில் மூன்று மேஜையும் ஒரு தகராறு பிடித்த மின்விசிறியும்தான் ஆபீஸ். முதலாளி மதன். பண்ணைக்காரர்களுக்கு நிபுணர்களை வைத்து ஆன்லைனில் நேரலைக் கூட்டம் நடத்துவது அவர்கள் தொழில். அதற்கு வெபினார் என்று பெயர். ஒரு தீவனக் கம்பெனி செலவை ஏற்றுக்கொள்ளும். நிபுணர் பேசுவார். ஆள் சேர்ப்பது ரஞ்சிதா பொறுப்பு. போஸ்டர் போடுவது, பேர் பதிய வைப்பது, ஞாபகப்படுத்துவது, முடிந்த பிறகு நன்றி சொல்வது வரை எல்லாமே அவள்தான்.

அவள் நடத்திய முதல் கூட்டத்தைப் பற்றி மிக்ஸி கடைக்காரர் இன்னும் கேலி பேசுகிறார்.

வெயில் காலத்தில் முட்டைக் கோழிகளைக் காப்பது எப்படி என்பது தலைப்பு. பேச வந்தவர் கால்நடை மருத்துவர் கமலவேணி. நாமக்கல் பக்கம் அவர் கால் படாத பண்ணை இல்லை. ரஞ்சிதா போஸ்டரில் அவரைச் சுற்றி நட்சத்திரம் தூவினாள். "மாபெரும் இணையவழிக் கருத்தரங்கம்" என்று கொட்டை எழுத்தில் போட்டாள். தூவின நட்சத்திரம் போதாதென்று சூரியனுக்கே கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டாள். முந்நூறு பேர் பேர் பதிந்தார்கள். அவள் போன் போட்டுக் கேட்டதற்கு எல்லோரும் "வாரேனுங்க, வராம இருப்பனுங்களா?" என்றார்கள்.

வந்தது பதினோரு பேர்.

அதில் மூன்று பேர் ஆபீஸ்காரர்கள். ஒருவர் ஏதோ பேருந்தில் இருந்தபடி இணைந்து, மைக்கை அணைக்கத் தெரியாமல், "ராசிபுரம் எறங்கறவங்க எல்லாம் முன்னாடி வாங்க!" என்று கண்டக்டர் குரலை எல்லோருக்கும் கேட்க வைத்தார். கமலவேணி டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்தப் பதினோரு பேருக்கும் முந்நூறு பேருக்குப் பேசுவது போலவே பேசி முடித்தார். அதுதான் ரஞ்சிதாவுக்கு வலித்தது. அவர் கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் தீவனக் கம்பெனியிலிருந்து காளிதாஸ் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட முகம். "இன்னொரு தடவை பாக்கறோம் மதன். நூறு பேரைத் தாண்டோணும். இல்லீனா கோயமுத்தூர்ல ஒருத்தர் இருக்காரு, அவருகிட்ட குடுத்தர்றோம்."

அவர் போனதும் மதன் ரஞ்சிதாவைப் பார்த்தார். "இந்தக் கம்பெனி போச்சுன்னா எனக்கு இன்னொருத்தர் சம்பளம் கட்டுப்படியாகாதம்மிணி. நீ இன்னும் ட்ரெயினிங்லதான் இருக்க. சொன்னது புரியுதா?"

"புரியுதுங்க சார்," என்றாள். அழுகை வருவதற்குள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. வராதவர்களுக்குப் போன் போட ஆரம்பித்தாள்.

முதலில் எடுத்தவர் புதுச்சத்திரத்துப் பண்ணைக்காரர் நாச்சிமுத்து.

"ஏனுங்கண்ணா, பேர் குடுத்துப் போட்டு வரவே இல்லீங்களே?"

"வரலையா? நான் வந்தனே! நீங்கதான் வரலை!"

"நாங்களா?"

"மொத நாளே லிங்க் அனுப்புனீங்கல்லோ? சொன்ன நேரத்துக்கு முன்னாடியே போய் நிக்கறதுதானே மரியாதைன்னு அப்பவே அமுக்குனேன். 'காத்திருக்கவும்'னு வந்துச்சு. காத்திருந்தேன். சோறு ஆறிப்போற வரைக்கும் காத்திருந்தேன். ஒரு மனுசன் வந்து வாங்கன்னு சொல்லலை. கூட்டம் கேன்சல்னு குரூப்ல போட்டுட்டுப் படுத்துட்டேன்."

"எந்தக் குரூப்லீங்க?"

"நம்ம பண்ணையாளுங்க குரூப்புதான். பெரிய குரூப்பு."

ரஞ்சிதா கண்ணை மூடிக்கொண்டாள். விருந்துக்கு முதல் நாளே இலை முன்னால் உட்கார்ந்துவிட்டு, சோறு இல்லையென்று ஊருக்கே தண்டோரா போட்டிருக்கிறார் மனிதர். திட்டவும் முடியாது. மரியாதைக்குத்தானே போனார்!

அடுத்தவர் மோகனூர் கந்தம்மாள். "எனக்கு ஒரு மெசேஜும் வரலை கண்ணு. நீ கூப்புடுவீன்னு இருந்தேன்."

வரவில்லையா? ரஞ்சிதா தன் போனைத் திறந்து பார்த்தாள். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஒரே தட்டில் ஞாபகச் செய்தி அனுப்பியிருந்தாள். ஒரே ஒரு டிக்; அனுப்பியாயிற்று, போய்ச் சேரவில்லை. பக்கத்துப் பேரிலும் ஒரே டிக். அடுத்ததிலும். அப்படி மொத்தமாக அனுப்பும் செய்தி, வாங்குபவர் போனில் அனுப்புகிறவரின் நம்பர் சேமித்திருந்தால்தான் போய்ச் சேரும். நாச்சிமுத்து மாதிரி ஒரு சிலரைத் தவிர, பண்ணைக்காரர்களில் யார் அவள் நம்பரைச் சேமித்திருந்தார்கள்? இரண்டு நாளாக அவள் காற்றோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மாடிப்படியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோழிக்காரர்கள் ஏமாற்றவில்லை. அழைப்பே போகவில்லை. போன இடத்தில் வாசலில் ஆள் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவள் நட்சத்திரத்தையும் கூலிங் கிளாஸையும் தூக்கி எறிந்தாள். கமலவேணி டாக்டரிடம் போனாள்.

"மேடம், அரை நிமிசம் பேசினாப் போதுங்க. ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. பதில் சொல்லிடாதீங்க."

"பதில் சொல்லாம எப்படிம்மா? அது அநியாயமில்லையா?"

"வெயாழக்கிழமை சொல்லலாமுங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு கோழிக் கூண்டின் முன் நின்றார். கையில் ஒரு முட்டை. "வெயில் ஏறுனா முட்டை ஓடு மெலிசாகுது. தீவனத்துல சுண்ணாம்புச் சத்தைக் கூட்டியும் ஏன் சரியாக மாட்டேங்குது? வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குச் சொல்றேன்." அவ்வளவுதான் வீடியோ. அதை இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக் பண்ணைக் குழுக்களிலும் போட்டாள். உடைந்த முட்டையை எண்ணிப் பார்த்து வயிறெரிந்தவர்கள் எல்லோரும் கீழே வந்து கத்தினார்கள். "இப்பவே சொன்னா என்னங்க?" "நெலம தெரியாம வெளையாடறாங்க." ரஞ்சிதா ஒவ்வொருவருக்கும் ஒரே பதில் போட்டாள்: வியாழக்கிழமை வாங்க.

பேர் பதிந்தவுடனே போகும் செய்தியை மாற்றினாள். "இந்த நம்பரைச் சேமிச்சு, உங்க கேள்வி ஒண்ணை அனுப்புங்க. லிங்க் கூட்டத்தன்னைக்கு மட்டுந்தான் வரும்." நம்பரைச் சேமித்தார்களா என்று அவளால் பார்க்க முடியாது. ஆனால் கேள்வி அனுப்பியவரிடம் தனியாகப் பேச முடியும். எத்தனை கேள்விகள்! ஒருவர் முட்டை பற்றிக் கேட்டார். ஒருவர் தீவன விலை பற்றி டாக்டரிடமே சண்டை போடலாமா என்று கேட்டார். ஒருவர் டாக்டருக்குக் கல்யாண வயதில் மகன் இருக்கிறானா என்று விசாரித்தார். எல்லோருக்கும் பேர் சொல்லிப் பதில் போட்டாள். கடைசிக் கேள்விக்கு மட்டும், "அது கூட்டத் தலைப்புக்குள்ள வராதுங்க."

பிறகு நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்கண்ணா, கேன்சல்னு போட்டது நீங்க. இருக்குதுன்னு நீங்கதான் போடோணும்."

"என்னைய மாட்டி உடறயே அம்மிணி!"

"மாட்டலீங்க. முன்னாடி நிக்கச் சொல்றேன்."

இந்த வார்த்தை வேலை செய்தது. முன்னால் நிற்கச் சொன்னால் தட்டிக்கழிக்கும் பண்ணைக்காரர் அந்தப் பக்கம் யாரும் கிடையாது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு லிங்க் அனுப்பினாள். அனுப்புவதற்கு முன்பே கூட்டத்தைத் திறந்து, கேமராவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண் மாதிரி. மதன், "ஏழு மணிக்குத்தானே?" என்றார்.

"நாச்சிமுத்தண்ணன் இப்பவே வருவாருங்க சார்."

வந்தார். "அட, ஆளு இருக்குது!"

"வாங்கண்ணா, வாங்க. கோழியெல்லாம் சௌக்கியமா?"

"இன்னைக்கு வாங்கன்னு சொல்றதுக்கு ஆள் வச்சிருக்கீங்க. பொழச்சீங்க." உடனே குரூப்பில் ஒரு குரல் செய்தி போட்டார். அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் வெறுமனே இருக்கவில்லை. தண்ணித் தொட்டி, மக்காச்சோளம், மருமகன் என்று பேச்சு ஓடியது. ஏழுக்குப் பத்து நிமிடம் முன்பு ரஞ்சிதா கடைசி ஞாபகச் செய்தியைத் தட்டினாள். இந்தமுறை இரண்டிரண்டு டிக் விழுந்தது. பார்க்கவே அழகாக இருந்தது.

டாக்டர் பேச ஆரம்பித்தபோது எண்பது. கொஞ்ச நேரத்தில் தொண்ணூற்றாறு. பிறகு நூறு. காளிதாஸும் உள்ளேதான் இருந்தார். மதன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

நூறு. நூறு. நூறு.

"ஏம்மிணி நூறுலயே நிக்குது? தாண்டோணும்னு சொன்னாரே அந்தாளு!"

அதே நேரம் ரஞ்சிதாவின் போன் அடித்தது. சின்னான் என்று ஒருவர், சங்ககிரிப் பக்கம். "ஏனுங்க, கூப்புட்டுப் போட்டு உள்ள உடமாட்டேங்கறீங்களே! ஆள் நெறஞ்சு போச்சுங்குதே!"

ரஞ்சிதா மதனைப் பார்த்தாள். மதன் மேல்கூரையைப் பார்த்தார். போன கூட்டத்துக்குப் பதினோரு பேர்தானே என்று, நூறு பேர் மட்டும் நுழையக்கூடிய திட்டத்தைத்தான் அவர் வாங்கியிருந்தார்.

"சார், நீங்க போன்லயும் இருக்கீங்க, லேப்டாப்லயும் இருக்கீங்க. ரெண்டு எலை போட்டு உக்காந்திருக்கீங்க. எந்திரிங்க."

மதன் இரண்டிலிருந்தும் எழுந்தார். இரண்டு பண்ணைக்காரர்கள் உள்ளே வந்தார்கள்.

"காளிதாஸ் சாரையும் போகச் சொல்லலாமுங்களா?"

"அவரு காசு குடுக்கறவரு!"

"அவருகிட்டக் கோழி இல்லீங்களே."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. மதன் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆபீஸின் பேஸ்புக் பக்கத்தில் இதே கூட்டத்தை நேரலையாக விடும் வசதி அந்தத் திட்டத்திலேயே இருந்தது. ரஞ்சிதாவின் திரையில் எட்டி அவர் பொத்தானை அமுக்கினார். ரஞ்சிதா அந்த லிங்கைப் பேர் பதிந்த எல்லோருக்கும் அனுப்பினாள்: "உள்ள எடம் நெறஞ்சிருச்சுங்க. ரெண்டாம் பந்தி இங்க. கேள்வியைக் கீழ எழுதுங்க, டாக்டர்கிட்டப் படிச்சுக் காட்டறேன்."

நாச்சிமுத்து தன் பங்குக்குக் குரூப்பில் கத்தினார்: "டாக்டரம்மா ஓடு மேட்டருக்கு வந்துட்டாங்க, ஓடியாங்கய்யா!"

இரண்டாம் பந்தியில் மட்டும் எழுபதுக்கு மேல் ஆட்கள். கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்குவதால் ரத்தத்தின் அமில-காரப் பதம் மாறுவதையும், வெயிலில் சுட்ட தண்ணீரைக் கோழி தொடாது என்பதையும், சுண்ணாம்பை மட்டும் கொட்டினால் போதாது என்பதையும் டாக்டர் சொல்லச் சொல்ல, கேள்விகள் மழையாகக் கொட்டின. பேசி முடித்தவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. "அடுத்தது எப்போம்மா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் ரஞ்சிதாவுக்குப் பாதி வேலைதான் முடிந்திருந்தது. வந்தவர்களுக்கு நன்றியும், நேரமில்லாமல் விடுபட்ட கேள்விகளுக்கு டாக்டர் சொன்ன பதிலும் போயின. வராதவர்களுக்கு வேறு செய்தி: "உங்களைத் தேடினோமுங்க. பேசினது இந்த வீடியோவுல இருக்குது. அடுத்த கூட்டத்துக்கு எந்தக் கிழமை உங்களுக்குச் சௌகரியம்?"

மதன் மேஜை அருகில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். காளிதாஸ் வருஷம் முழுவதற்கும் கூட்டத்தை இவர்களிடமே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "ட்ரெயினிங் முடிஞ்சுதும்மிணி. இனிமே நீ நிரந்தரம். அடுத்த தடவை ஐநூறு பேர் திட்டம் வாங்கிடலாம்."

ரஞ்சிதா நிமிரவில்லை. அவள் போனில் மோகனூர் கந்தம்மாள் ஒரு படம் அனுப்பியிருந்தார். தண்ணித் தொட்டி மேல் ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது. "நேத்து வாய் தொறந்து கேக்கக் கூச்சமா இருந்துச்சு கண்ணு. ஆனா கேட்டுட்டே இருந்தேன். இப்பக் கோழி குடிக்குது பாரு."

"ரஞ்சிதா, நான் சொன்னது காதுல உழுந்துதா?"

"உழுந்துதுங்க சார். ஒரு நிமிசம் இருங்க, இந்தக்காவுக்குப் பதில் போட்டர்றேன்."