நடு ஊசி ஒடிந்த அச்சு

எண்பதுகளில், ரப்பர் தோட்டங்களின் பழைய அட்டவணைகளைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கு, மலேசியாவின் சுங்கை பட்டாணியில். பாலிங் பக்கத்துத் தோட்டத்து மழை அட்டவணையைப் பிரித்ததும் எரிச்சல்தான் வந்தது. அச்சடித்தபோதே அச்சுப்பொறியின் நாடாவில் மை வற்றியிருந்தது. போதாததற்கு, புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதும் அதன் ஊசிகளில் நடு ஊசி ஒடிந்து, எல்லா எண்களின் இடுப்பிலும் வெள்ளைக்கோடு. நடுக்கோடு போன 8, அப்படியே 0-தான். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிரிக்க முடியாது.

கூட வேலை பார்த்த அக்கா, டவுனில் வளர்ந்த கத்தோலிக்கர், ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் மழை என்றால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு கிடையாது. அதனால் அடுத்த கட்டத்தில் பால் எடை இருந்தால் மழை 0, எடை இல்லாவிட்டால் 8. மளமளவென்று வேலை ஓடியது. ஒரு நாளில் மட்டும் நான் நிறுத்தினேன்.

“இது 0, அக்கா.”

“பால் வெட்டலையே, தம்பி. மழைதான் லா.”

“அன்னைக்குத் தோட்டத்துல கோயில் திருவிழா, லீவு. நான் அங்க காவடி எடுத்தேன்.”

“மழை பெய்யலைன்னு நல்லா ஞாபகம் இருக்கா?”

“தார் ரோட்டுல வெறுங்கால்ல நடந்தேன்கா. மழை பெஞ்சிருந்தா கால் அப்படிக் கொப்பளிச்சிருக்குமா?”