விலை சரிந்த மாதத்தின் வரி

சம்பளம் கூடும் மாதத்தில் வரி எகிறினால் சிரிப்பதா, முகம் சுளிப்பதா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பதுளைப் பக்கத் தோட்ட அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். தேயிலை விலை சரிந்ததும், அதே தோட்டத்தின் தொழிற்சாலை அதிகாரியான என் கணவரின் ஊக்கத்தொகை நின்றது. மகளைப் பகல் பராமரிப்பு நிலையத்திலிருந்து நிறுத்த வேண்டுமோ என்று பயந்துகொண்டே அவருடைய சம்பளக் கணக்கைப் போட்டேன். சம்பளம் ஐந்தில் ஒரு பங்கு குறைய, வரி பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. தப்போ? வரி அலுவலகத்தை அழைத்தேன்.

“புதுச் சட்டம் வந்திருக்குங்களா?”

“இல்லீங்க. கூடுன சம்பளத்துக்குத்தான் கூடுன வீதம். அந்தப் பகுதி போச்சுன்னா அதுக்கான வரியும் போச்சு.”

வரியில் மிச்சமானது மகளின் பராமரிப்புக் கட்டணத்துக்குப் போதும்! நாற்காலியோடு சுழன்றேன்.

“அக்கா, லாட்டரியா?” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

“வரிடி!”

விலை ஏறினால் சம்பளமும் ஏறும், வரியும் ஏறும். அப்போது கையில் நிற்பதைச் செலவழிக்கலாமா, சேர்க்கலாமா? சொல்லுங்களேன்.