கொளஞ்சி நீட்டிய புடவை

சிதம்பரம் மேல வீதியில் உள்ள ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் கொளஞ்சி அக்கா. ஸ்ரீமுஷ்ணத்துப் பெண், இங்கே வாக்கப்பட்டு வந்தவள். அதே கடையில் நான் பிரிண்ட் வெட்டி, லேமினேஷன் போட்டு, பிரேம் மாட்டுகிறேன். எனக்கு அதிகம் பேச வராது. அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்களிடம் வரும் படங்களில் பாதி அரைகுறை. செத்துப்போனவர் படம் என்று ஏதாவது கல்யாணக் கூட்டத்தில் எடுத்ததைக் கொண்டுவருவார்கள். பக்கத்து ஆளை வெட்டினால் இவருடைய சட்டைக் கையும் பாதியோடு போகும். கொளஞ்சி அக்கா மறுபக்கத்துக் கையை எடுத்துத் திருப்பி ஒட்டுவாள். கட்டம் போட்ட சட்டை என்றால் தோள் தையலில் கட்டம் சேரும்வரை இழுத்து வளைப்பாள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்து, ஒட்டிய கையைக் கொஞ்சம் இருட்டாக்குவாள். கிழிசலோ கறையோ இருந்தால் அது இரண்டு கையிலும் வந்துவிடும் என்பதால் ஒன்றை அழிப்பாள். முடித்த பிறகு எது ஒட்டு என்று எனக்கே தெரியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மாசி மாதத்தில் குமராட்சிப் பக்கமிருந்து தங்கராசு என்பவர் வந்தார். மகள் வினோதினிக்கு வரன் பார்க்கிறார். பெண் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். பட்டுப்புடவையில் அவள் இருக்கும் ஒரே படம் போனில் இருந்தது. சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் நாலு பெண்கள் நிற்கிறார்கள், எல்லோருக்கும் முழங்காலுக்கு மேலேயே படம் முடிந்துவிட்டது.

"தரகரு கால் வரைக்கும் தெரியிற படந்தான் வேணுங்கிறாரும்மா. இன்னிக்கே அனுப்பணுமாம். புடவைய மட்டும் கீழ எறக்கி உட முடியுமா?"

"அதுக்கென்னா, எறக்கிட்டாப் போச்சி. உக்காருங்க மாமா."

கடைக்காரர் பாலகுமார் அண்ணன், "கம்ப்யூட்டரையே போடச் சொல்லு, தானா வரைஞ்சிடும்" என்றார். போட்டுப் பார்த்தாள். வந்த புடவைக்கு வேறு யாருடைய கரையோ இருந்தது. அழித்துவிட்டுக் கையாலேயே செய்தாள். மற்ற பெண்களை வெட்டி எடுத்தாள். மாக்ஸி என்கிற நீளமான பிரிண்ட் சைஸுக்கு வெற்றிடம் திறந்தாள். இருந்த கொசுவ மடிப்புகளை நகல் எடுத்துக் கீழே கீழே சேர்த்தாள், ஒரே மடிப்பு திரும்பத் திரும்பத் தெரியாதபடி கொஞ்சம் விரித்தும் நெளித்தும். தோளில் கிடந்த முந்தானையின் கரையை எடுத்துப் படுக்கவைத்து அடியில் பொருத்தினாள். கரை தரையைத் தொட்டதால் பாதம் வரைய வேண்டியிருக்கவில்லை. தரையில் ஒரு நிழல். அவ்வளவுதான். தங்கராசு படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"மவராசியாட்டம் இருக்கும்மா" என்றார்.

அந்த மாதக் கடைசியில் அவர் மறுபடி வந்தார். கூட ஒரு பெண். சுடிதார் போட்டு, தோளில் பை மாட்டி, கண்ணாடிக் கதவின் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றாள். சின்ன உருவம். தங்கராசு வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"அக்கா, நான்தான் அந்தப் போட்டோவுல இருக்கிற பொண்ணு. நல்லாப் பாருங்க."

கொளஞ்சி அக்கா எழுந்து நின்றாள். வினோதினியின் தலை அவள் தோளுக்குத்தான் வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் கடலூரிலிருந்து வந்து பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. அவனுடைய அம்மா தில்லையம்மாள் பெண்ணைக் கூடத்தில் நிற்கவைத்து, போனில் இருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாளாம். கூட வந்த ஒருத்தி, "படத்துல நட்டுவச்சித் தண்ணி ஊத்துனீங்களா, அதுல மட்டும் வளந்திருக்கு?" என்றாளாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். வினோதினி தட்டோடு நின்றிருக்கிறாள். அவளுக்கு அந்தப் படத்தை அதுவரை யாரும் காட்டவில்லை.

"குட்டைன்னு சொல்லிட்டுப் போயிருந்தாப் பரவால்லக்கா. ஏமாத்துற குடும்பம்னு தரகருகிட்ட சொல்லிட்டாங்க. அவரு வேற எடமும் சொல்லமாட்டேங்கிறாரு. நீங்க செஞ்சதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"கடை பேரு என்னாவுறது?" என்று பாலகுமார் அண்ணன் முனகினார். கொளஞ்சி அக்கா பழைய பைலைத் திறந்தாள். தலையின் நீளத்தை அளவாக வைத்துப் படத்தில் கீழே வரை எண்ணிப் பார்த்தாள். சாதாரணமாக ஒரு ஆளுக்கு ஏழு தலை நீளம் வரும், சின்ன உருவம் என்றால் அதற்கும் குறையும். படத்தில் எட்டுக்கு மேல் போயிற்று. தாளில் இடம் இருந்தது, அதை நிரப்பும்வரை புடவையை இறக்கியிருக்கிறாள். பெண் எவ்வளவு உயரம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொளஞ்சி அக்காவின் காது மடல் சிவந்துபோனது.

வினோதினிக்குப் போன் வந்து வெளியே போனாள். தங்கராசு மேசைப் பக்கம் குனிந்தார்.

"எனக்கும் அன்னிக்கே தெரிஞ்சிதும்மா. பாக்க நல்லாருக்குதேன்னு உட்டுட்டேன். பொண்ணுகிட்ட சொல்லிடாத."

மறுநாள் கொளஞ்சி அக்கா கடலூருக்குக் கிளம்பினாள். தனியாகப் போகக் கூச்சமாயிருக்கிறது என்று என்னையும் கூப்பிட்டாள். பஸ்ஸில் மடியில் கவரை வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

மஞ்சக்குப்பத்தில் வீடு. தில்லையம்மாள் எங்களை உள்ளே கூப்பிட்டாள், உட்காரச் சொல்லவில்லை. கொளஞ்சி அக்கா முதலில் வந்த படத்தையும் தான் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முழங்காலுக்கு மேலே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

"இதுக்குக் கீழ இருக்கிறது எல்லாம் நான் போட்டதுங்க. புடவ, கரை, நெழலு எல்லாம். அளவு தப்பிப்போச்சி. பொண்ணுக்கு இது எதுவும் தெரியாதுங்க."

"நீயா போட்டியா?" தில்லையம்மாள் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். "அடேங்கப்பா. இல்லாத புடவைய நெய்யிறியேடி. எத்தினி பேரு வூட்டுல இந்த மாதிரி பண்ணிவச்சிருக்க?"

கொளஞ்சி அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாசலில் கிடந்த எங்கள் செருப்பையே பார்த்தேன்.

"சரி, பொண்ணு சென்னையில இருக்கு, தெரியாது. பெத்த அப்பன் கையில வாங்கிப் பாத்திருப்பானே? அவனுக்குமா தெரியாது?"

கொளஞ்சி அக்காவின் கை முந்தானை ஓரத்தைச் சுருட்டியது.

"அவருக்குப் படத்தப் பாத்து அளக்கத் தெரியாதுங்க. நான் குடுத்தத வாங்கிட்டுப் போனாரு. தப்பு எம்மேலதான்."

தில்லையம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் நிமிரவில்லை. போனை எடுத்துத் தரகரிடம் பேசினாள். "அந்தக் குமராட்சிப் பொண்ணு வூட்டுல பொய் சொல்லலயாம். போட்டோ கடைக்காரி பண்ணுனதாம், இங்க வந்து நிக்கிறா. நமக்குத் தோதுப்படாது, அது வேற. வேற எடம் இருந்தா அவுங்களுக்குச் சொல்லுங்க." போனை வைத்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்றாள். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்களால் குடித்திருக்க முடியாது.

திரும்பும் பஸ்ஸில் கொளஞ்சி அக்கா வினோதினிக்குப் போன் செய்தாள். தரகரிடம் சொல்லிவிட்டார்கள் என்றாள். வினோதினி கேட்டது என் காதிலும் விழுந்தது.

"அப்பாவ ஏதாச்சும் கேட்டாங்களாக்கா?"

"இல்லம்மா. கேக்கல."

போனைப் பைக்குள் வைத்தாள். ஆலப்பாக்கம் தாண்டியும் அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.