பீரோவுக்கு அடியில் போன பேலட்டுகள்

என் அக்கா வீட்டுக்காரரைக் கடைத்தெருவில் ரசீதுக்காரர் என்பார்கள். அடுத்தவர் பொருள் கைக்கு வந்தால் ரசீது எழுதிக் கொடுக்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. ஒருமுறை என் குடையை அவருடைய கிடங்கு அறையில் மறந்து வைத்துவிட்டேன். மறுநாள் "கறுப்புக் குடை ஒன்று, கம்பி வளைந்தது, வாங்கும்போதே நல்ல நிலையில் இல்லை" என்று எழுதிய தாளை நீட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் குடையைத் தந்தார். நான் அவருக்கு மச்சினன், அதே கிடங்கில் கணக்கு எழுதுகிறவன். அந்தச் சலுகையெல்லாம் அவரிடம் செல்லாது.

சரக்கு ரயில் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இரண்டு கொட்டகைகள். அதுதான் கிடங்கு. சோப்பு, ஒயர் சுருள், பிஸ்கட், காகிதம் என்று வியாபாரிகள் கொண்டுவந்து அடுக்குவார்கள், வாடகை கொடுப்பார்கள், விற்கும்போது எடுத்துப் போவார்கள். புதிதாகச் சேரும் சுமைதூக்கிகளிடம் அத்தான் ஒரே ஒரு பாடம்தான் நடத்துவார். "இங்க இருக்கிற பொருள் எதுவும் நம்மளுது இல்ல. பொறுப்பு மட்டும் நம்மளுது." அதற்குப் பிறகு எலிப்பொறி எங்கே இருக்கிறது என்று காட்டுவார்.

சோப்பையும் பிஸ்கட்டையும் பக்கத்தில் அடுக்க விடமாட்டார். பிஸ்கட் சோப்பு வாசனை அடித்தால் யார் தின்பது? சோப்பு வியாபாரியின் கூடப்பிறந்த தம்பியே ரசீது இல்லாமல் வந்து சரக்குக் கேட்டபோது, டீ வாங்கிக் கொடுத்து வெறுங்கையோடு அனுப்பினார். தப்பான ஆளிடம் சரக்கைக் கொடுத்துவிட்டால், நல்லெண்ணத்தில் கொடுத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும். தம்பி ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. அத்தான் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

இப்படிப்பட்ட மனுஷன் வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்தில் சறுக்கினார். அது என் அக்கா விஷயத்தில்.

வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று அக்கா தன் பீரோவையும் கட்டிலையும் கிடங்குக்கு அனுப்பி வைத்தாள். பின்னாலேயே அவளும் வந்தாள். பீரோவின் கால் வெறும் தரையில் நிற்பதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தரை ஈரம் ஏறாமல் இருக்கச் சரக்குக்கு அடியில் மரத்தட்டு போடுவார்கள், பேலட் என்பார்கள். அன்றைக்குக் கையிருப்பில் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூட நோட்டுத் தைக்கும் பட்டறை வைத்திருக்கிற ஒரு அம்மா, நோட்டுக்காரம்மா என்போம், அவருடைய காகிதக் கட்டுகளை அத்தான் இறக்கச் சொல்லி, அவற்றுக்கு அடியில் இருந்த பேலட்டுகளை உருவி, பீரோவுக்கும் கட்டிலுக்கும் போட்டார். காகிதத்துக்குத் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் அடுக்கினார்கள். இரண்டு நாளில் புதுப் பேலட் வந்துவிடும் என்றார்.

அதற்குள் மழை வந்தது. எங்கள் தெரு கண்டிராத மழை. வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் கதவிடுக்கு வழியாகக் கொட்டகைக்குள் புகுந்தது. வடிந்த பிறகு சுவரில் பார்த்தால் நாலு விரல் உயரத்துக்குக் கறை. பேலட் அதைவிட உயரம். பிஸ்கட் தப்பித்தது, சோப்பு தப்பித்தது, பீரோ புதுசு மாதிரி நின்றது. காகிதத்தின் அடிவரிசை குடித்த தண்ணீர் மேல்வரிசைகளுக்கும் ஏறி, கட்டுகள் உப்பிப்போய்க் கிடந்தன. பள்ளிக்கூடம் திறக்கும் முன் நோட்டுப் போட்டுக் கொடுப்பதற்காக அந்த அம்மா வாங்கி வைத்த காகிதம் அது, கிட்டத்தட்ட அவருடைய முழு முதலும்.

அத்தான் உடனே அவருக்குப் போன் செய்தார். நனையாத கட்டுகளைப் பிரித்துத் தனியே வைத்தார். அந்த அம்மா வந்து பார்த்தார், அழவில்லை, ஒரு கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் நஷ்டஈடு கேட்டு அவருடைய வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது.

எங்கள் இன்சூரன்ஸ் சுவருக்கும் கூரைக்கும்தான். அடுத்தவர் சரக்குக்கு இல்லை. கொடுக்க வேண்டி வந்தால் ஒரு கொட்டகையை விற்க வேண்டும். நான் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டி, "மழை வெள்ளத்துக்குக் கிடங்கு பொறுப்பல்ல" என்று அச்சடித்திருக்கிறதே என்று எங்கள் வக்கீலிடம் கேட்டேன். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த வரி மழைக்குக் குடை பிடிக்கும், நம் கவனக்குறைவுக்குப் பிடிக்காது என்றார்.

"கிடங்கு வச்சிருக்கிறவரு எல்லா நஷ்டத்தையும் ஏத்துக்கணும்னு சட்டம் சொல்லல. புத்தியுள்ள மனுஷன் தன் சொந்தப் பொருளை எவ்வளவு பாத்துப்பானோ, அவ்வளவு பாத்திருக்கணும். ஆனா சரக்கு உங்க கையில இருக்கும்போது கெட்டிருக்கு. கவனமா இருந்தேன்னு நீங்கதான் காட்டணும்."

அத்தான் பேலட் கதையைச் சொன்னார். வக்கீலம்மா கையிலிருந்த ரசீதை மடித்து வைத்தார். பிறகு, கேட்டால் பொய் சொல்லாதீர்கள், கேட்காததை நீங்களாக எடுத்துப் போடாதீர்கள் என்றார். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. வெளியே வந்ததும் நான் அத்தானிடம் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். எதிர்த்தரப்பு மழையைப் பற்றித்தான் பேசுவார்கள், பேலட்டைப் பற்றி அவர்களுக்கு நினைப்பே வராது. அவர் சைக்கிள் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

கோர்ட்டுக்குப் போகும் முன் பேசிப் பார்க்கலாம் என்று வியாபாரிகள் சங்கத்தில் கூடினோம். நீள மேஜை, ஆடுகிற மின்விசிறி, நடுவில் சங்கச் செயலாளர். அந்தப் பக்கம் நோட்டுக்காரம்மா, வக்கீல் இல்லாமல் தனியாக. எங்கள் வக்கீலம்மாவுக்கு அதுவே நல்ல சகுனமாகப் பட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தார். செயலாளர், யார் முதலில் பேசுகிறீர்கள் என்றார். நோட்டுக்காரம்மா தொண்டையைச் செருமினார். அத்தான் எழுந்து நின்றார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை மட்டும்தான் வந்தது.

"அம்மா, என் பீரோவுக்கு அடியில போட்டது உங்க காகிதத்துக்கு அடியில இருந்த பேலட். அது அங்கேயே இருந்திருந்தா ஒரு தாள்கூட நனைஞ்சிருக்காது. என் சாமானுக்குப் பாத்ததை உங்க சரக்குக்குப் பாக்கல."

உட்கார்ந்துவிட்டார். வக்கீலம்மா பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். எனக்கு வந்த கோபத்தில் மேஜையைப் புரட்டியிருப்பேன். கனமான மேஜை.

நோட்டுக்காரம்மா அத்தான் பக்கம் திரும்பினார்.

"நான் கேஸ் வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் வந்தேன்," என்றார். "என் பட்டறையிலயும் தண்ணி வந்துச்சு. மழைக்கு நீங்க என்ன பண்ணுவீங்கன்னு நினைச்சேன். இப்போ அப்படி நினைக்க முடியல. முழுப் பணமும் கொடுத்துடுங்க."

கொடுத்தோம். நனைந்த காகிதம் எடைக்குப் போன தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை எல்லாம் கொடுத்தோம். ரயில் பக்கத்துக் கொட்டகை கைமாறியது. அக்கா பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குத்தான் ஆறவேயில்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் அந்த அம்மா வாயைத் திறந்திருப்பார், கொட்டகை தப்பித்திருக்கும். கடைசியில் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அத்தான், அந்தம்மா முதல்ல பேசி, கேஸ் வேண்டாம்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் பிஸ்கட் வரிசையை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"அப்பவும் சொல்லியிருப்பேன்டா. ஆனா சொல்றதுக்கு முன்னாடி நீ சட்டையை இன்னும் கொஞ்சம் பலமா இழுக்க மாட்டியான்னு பாத்திருப்பேன்."