இறங்கி இறங்கி வந்த ஃபைல்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் திருத்தணியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், ஒரு மருத்துவச்சி, அப்புறம் நான். பஞ்சு வேண்டுமானாலும் சரி, பதவி வேண்டுமானாலும் சரி, ஜில்லா ஆபீஸ் மனசு வைக்க வேண்டும்.

மருத்துவச்சியின் பதவி தற்காலிகப் பதவி. ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் அது செத்துப்போகும். ஜில்லா ஆபீஸின் நிதிப் பிரிவு உத்தரவு போட்டால் மறுபடி உயிர் வரும். இதற்காக ஜனவரியிலேயே எழுதிவிடுவது வழக்கம். அந்த வருஷமும் எழுதினோம். மார்ச் போயிற்று, உத்தரவு வரவில்லை. ஏப்ரல் சம்பளப் பில்லைத் தாலுகா கச்சேரிக் கருவூலத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, "பதவியைத் தொடர அனுமதி எங்கே?" என்று எழுதித் திருப்பிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. செத்த பதவிக்குச் சம்பளம் கொடுத்தால் அவர் தலைதான் உருளும்.

மருத்துவச்சி அம்மாள் இளம் விதவை. ஒரு பெண் குழந்தையோடு எங்கள் ஊரில் குடியிருந்தார். எல்லாருக்கும் நர்ஸம்மா. பள்ளிப்பட்டிலிருந்தும் அம்மையார்குப்பத்திலிருந்தும் மாட்டுவண்டி வந்து நின்றால், பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறிப் போய்விடுவார். சம்பளம் நின்ற பிறகும் ஏறிப் போனார். காலையில் என் மேஜைப் பக்கம் வந்து, "இன்னா சார், என் உத்தரவு வந்துச்சா?" என்பார்.

"வந்துகினே இருக்கும்மா."

"எங்கிருந்து, காசிலேருந்தா?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் நல்ல மனுஷர், ஆனால் பிடிவாதக்காரர். "விடக் கூடாதுங்க, குட்டிகினே இருக்கணும்" என்று திங்கட்கிழமைதோறும் ஒரு ஞாபகக் கடிதம் சொல்லுவார், நான் டைப் அடிப்பேன். இங்கிலீஷில்தான் போகும். விஷயம் இவ்வளவுதான்: "எங்கள் ஜனவரி மாதக் கடிதம் நம்பர் 318-ஐப் பார்க்கவும். மருத்துவச்சி பதவியைத் தொடர அனுமதி இன்னும் வரவில்லை. அதனால் ஏப்ரல் முதல் சம்பளப் பில் கருவூலத்தில் நிற்கிறது. இவர் போய்விட்டால் இந்தத் தாலுகாவில் பிரசவம் பார்க்க எங்களிடம் வேறு பெண் இல்லை." வாரத்துக்கு வாரம் வார்த்தைகள் கொஞ்சம் காரமாகும். டாக்டருக்கு அதில் ஒரு திருப்தி. எனக்கும்தான்.

ஜூன் மாதம் நர்ஸம்மா சிரிக்காமல் வந்தார். அரக்கோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கொடுக்கிறார்கள், மாதம் முடிவதற்குள் சேர வேண்டும் என்றார்.

"எனக்கு இங்கேருந்து போக இஷ்டமே இல்ல சார். கொழந்தை இங்கதான் படிக்குது. உத்தரவு மட்டும் வந்துட்டா நான் எங்கியும் போவ மாட்டேன். ஆனா வெறும் வவுத்தோட எத்தினி நாளுங்க?"

டாக்டரிடம் சொல்லிவிட்டு மறுநாளே ஜில்லா ஆபீஸுக்குக் கிளம்பினேன். பெட்ரோல் கிடைக்காத காலம், கரிப்புகையில் ஓடும் பஸ். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். முகமெல்லாம் கரியோடு நிதிப் பிரிவில் போய் நின்று, நம்பரைச் சொன்னேன்.

எங்கள் ஃபைலைப் பார்க்கும் குமாஸ்தா ஒல்லியான மனிதர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என் நம்பரைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "கேலி பண்றீங்களா சார்? அங்க ஒரு அம்மா பட்டினி கிடக்குது" என்று கத்திவிட்டேன்.

"கேலி இல்லீங்க. கொஞ்சம் உக்காருங்க" என்றார். "உங்க ஃபைலை நான் அப்பவே மேல அனுப்பிட்டேன். அனுமதிக்கலாம்னு குறிப்பும் எழுதியாச்சு. ஆபீசர் மேஜைக்குப் போற நேரத்துல உங்க ஞாபகக் கடிதம் வந்துச்சு. எங்க ஆபீஸ்ல ஞாபகக் கடிதம் வந்தா ஃபைலோட சேர்த்துக் கட்டாம இருக்கக் கூடாது. ஃபைல் எங்க இருந்தாலும் கீழே இறக்கி, கட்டி, புதுசாக் குறிப்பு எழுதி, சூப்பிரண்டு கிட்டேருந்து மறுபடி ஏத்தணும். ஏறி முடிக்கிறதுக்குள்ள அடுத்த திங்கக்கிழமை வந்துடுது."

"கட்டாம விட்டா?"

"எனக்கு மெமோ. எனக்கும் புள்ளகுட்டி இருக்குங்க."

நாங்கள் குட்டக் குட்ட ஃபைல் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் குரலைத் தாழ்த்தி, "இப்ப மேலதான் இருக்கு. இந்த வாரம் கையெழுத்து ஆயிடும். தயவு பண்ணி ஒண்ணும் எழுதாதீங்க. எழுதாம இருந்தீங்கன்னா அதே போதும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸைத் தள்ளியதுகூட எனக்குப் பாரமாக இல்லை. மலை கண்ணில் பட்டதும் மனசுக்குள் முருகனைக் கும்பிட்டேன். நேரே டாக்டர் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முகமெல்லாம் சிரிப்பாக, "நீங்க அங்க போன நேரம் பார்த்து நானும் சும்மா இல்லீங்க. காலையில நானே கைப்பட ஒண்ணு எழுதி ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பிட்டேன். ரெண்டு பக்கம்!" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "முந்தின கடிதத்தைப் பார்க்க வேண்டாம்னு ஒரு தந்தி அடிச்சா?" என்று கேட்டார்.

"அதையும் கட்டுவாங்க சார்" என்றேன்.

மாதக் கடைசியில் நர்ஸம்மா ரயில் ஏறினார். டாக்டரும் ஸ்டேஷனுக்கு வந்து அவர் பெட்டியைத் தூக்கி வைத்தார். வண்டி நகரும்போது அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "உத்தரவு வந்தா சொல்லி அனுப்புங்க சார்" என்றார். ஆங், அனுப்பறேன் என்று தலையாட்டினேன்.

அதன்பின் நாங்கள் ஒன்றும் எழுதவில்லை; ஆடி மாதத்தில் உத்தரவு வந்தது. அடுத்த மார்ச் வரை பதவிக்கு அனுமதி. அதை எடுத்துக்கொண்டு நானே அரக்கோணம் போனேன். நர்ஸம்மா வராந்தாவில் நின்றபடி முழுவதும் படித்தார். "பாப்பாவை இங்க பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன் சார். இங்கியே வேலை பாக்கறேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்" என்று சொல்லி, காகிதத்தை மடித்து என்னிடமே தந்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அந்த வாரமே ஒரு மத்தியானம், அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. வைக்கோல்மேல் ஒரு பெண் முனகிக்கொண்டு கிடந்தாள். தறி நெய்கிற புருஷன்காரன் குதித்து ஓடிவந்து, "நர்ஸம்மா இருக்காங்களா சார்?" என்றான். இல்லை என்றேன். டாக்டர் பார்க்கட்டுமே என்றேன். டாக்டரும் வெளியே வந்து, தான் பார்ப்பதாகச் சொன்னார். வண்டியிலிருந்த மாமியார்க்காரி, ஆம்பிளை பார்க்கக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள். "அப்ப நர்ஸம்மா எங்க போனாங்க?" என்று அவன் கேட்டான். அரக்கோணம் என்றேன். மாட்டைத் தட்டி அரக்கோணம் ரோட்டில் திருப்பினான். டாக்டர் வெயிலில் கொஞ்ச தூரம் வண்டிக்குப் பின்னால் நடந்து போய், திரும்பி வந்தார்.

அந்தப் பெண் போய்ச் சேர்ந்தாளா, என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கத் தைரியம் வரவில்லை. உள்ளே போனால் ஜில்லா ஆபீஸ் தபால் காத்திருந்தது. அனுமதித்த பதவியில் ஆள் வேலை பார்க்கிறாரா என்று கேட்டிருந்தார்கள். கீழே எங்கள் ஜனவரிக் கடிதத்தின் நம்பர் 318. அதற்கு உடனே பதில் எழுதும்படி டாக்டர் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை.