கிணறு கலங்கிய மத்தியானம்

எல்கடுவப் பக்கம் மலைச்சரிவில் இருந்தது எங்கள் வளவு. மேலே மலையடியில் இடப்புறம் கிணறு. சாணித் தண்ணீர் அதில் ஊறிவிடாதபடி, வலப்புறம் தள்ளி மாட்டுப்பட்டி. இரண்டுக்கும் கீழே, கல் தூண்களின் மேல் நெல்லறை. அதற்கும் கீழே, ரோட்டை ஒட்டி வீடு. பட்டியிலிருந்து மாடுகள் வெளியே வர, நெல்லறைக்கும், வீட்டில் சமையல் செய்யும் குசினியின் சுவருக்கும் நடுவே ஒரு சந்துதான் வழி.

மூன்று நாளாக விடாத மழை. மத்தியானம் தண்ணீர் அள்ளப் போனேன். மழைக்கு ஏறியிருக்க வேண்டிய கிணற்றுத் தண்ணீர் இரண்டு முழம் இறங்கிக் கிடந்தது. வாளியில் சேறுதான் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கிணற்றுக்குப் பின்னால் புல்தரை பிளந்து, அந்த வெடிப்பு பட்டியின் பின்பக்கம் வரை ஓடியிருந்தது. கையை விட்டேன். மணிக்கட்டு வரை போனது.

"என்னங்க! மல வெடிச்சிருக்குங்க!"

ஓடிவந்து பார்த்த என் கணவருக்கு முகம் வெளிறியது. "அம்மாவ ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நான் நெல்ல எடுக்கிறேன்."

கால் வீங்கிய மாமியைத் தாங்கிப் பிடித்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வளைவில் இருந்த கடையில் உட்கார வைத்தேன். "அவன எங்க?" என்று கேட்டார். வளவுக்குத் திரும்பி ஓடினேன்.

அவர் நெல்லறைக் கதவை உதைத்துக்கொண்டிருந்தார். "காலையில நல்லாத்தானே தொறந்துச்சு!"

அப்போதுதான் தூண்களைப் பார்த்தேன். ஒரு தூண் சாய்ந்து, கதவு நிலையும் கோணியிருந்தது. "நெல்லு போகட்டுங்க. மாடு ரெண்டும் கன்னும் கட்டிக் கெடக்கு!"

பட்டியில் கயிறு நனைந்து இறுகி, முடிச்சு அவிழவில்லை. புல் வெட்டும் கத்தியால் அறுத்தோம். அப்படியும் தாய்ப்பசு நகர மறுத்தது. நான் கன்றைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். அது கத்திக்கொண்டே பின்னால் வந்தது. சினையாக இருந்த மற்ற மாட்டை அவர் கடைசியாக ஓட்டிவந்தார். சந்து காலையில் இருந்த அகலத்தில் இல்லை. நெல்லறை எங்கள் பக்கம் சரிந்திருந்தது. மாட்டின் வயிறு நெல்லறைப் பலகையில் உரசி நின்றுவிட்டது. காலுக்குக் கீழே மண் நடுங்குவதை உணர்ந்தேன். அவர் வாலை முறுக்கினார், நான் கொம்பைப் பிடித்து இழுத்தேன். ஒரு திமிறலில் வெளியே வந்தது.

ரோட்டைத் தாண்டி வளைவுக்குப் போனபோது வேர்கள் அறுபடும் சத்தம் கேட்டது. மலை சரிந்து வந்து, பட்டி இருந்த இடத்தில் சிவப்பு மண். கிணறு இருந்த இடம் தெரியவில்லை. நெல்லறை குசினிச் சுவரில் சாய்ந்து நின்றது.

மாமி என் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அங்கே இனிக் குடியிருக்கக் கூடாது என்று அதிகாரிகள் சொன்னார்கள். இப்போது உக்குவளையில், சமதரையில், வாடகை வீடு. சினைமாடு அடுத்த மாதமே நல்லபடியாகக் கன்று ஈன்றது. ஆனாலும் மழை இரண்டு நாள் பிடித்தால், வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்க்கிறேன்.