இரண்டு E இருந்த கட்டம்

எண்பதுகளின் நடுவில் ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். எங்கள் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதைப் பற்றிப் படித்துவர யாராவது போக வேண்டும் என்றபோது, கல்யாணமாகாதவள், வேலூரில் தங்க உறவுக்காரர் வீடு இருக்கிறது என்ற இரண்டு காரணங்களுக்காக என்னை அனுப்பினார்கள். மூன்று வாரம் படித்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் என்றால் நான்தான். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அந்த வருடம் ஆண்டு விழாவுக்கு, கம்ப்யூட்டர் வாங்கப் பணம் கொடுத்த தோல் தொழிற்சாலை முதலாளிகள் வருகிறார்கள் என்று தாளாளர் சொன்னார்.

"மிஷின் சும்மா ஒக்காந்திருக்கக் கூடாது டீச்சர். எதனா செஞ்சு காட்டணும்."

நான் ஒரு போட்டி வைத்தேன். நாலுக்கு நாலு கட்டம், பதினாறு ஆங்கில எழுத்து. ஒரு கட்டத்திலிருந்து அதைத் தொட்டுக்கொண்டிருக்கிற கட்டத்துக்குப் போகலாம். மேலே, கீழே, பக்கத்தில், மூலையில், எப்படியும். இப்படிப் போய்ப் போய் ஒரு வார்த்தை வர வேண்டும். ஒரே வார்த்தைக்குள் ஒரு கட்டத்தை இரண்டு தடவை மிதிக்கக் கூடாது. பிள்ளைகள் தேடி எழுத வேண்டும், அந்த வார்த்தை கட்டத்தில் உண்டா இல்லையா என்று கம்ப்யூட்டர் தீர்ப்பு சொல்லும். எழுத்துக்கு ஒரு மார்க். ஜெயிக்கிற பிள்ளைக்கு ஒரு கப்பு.

ப்ரோக்ராமை நானே எழுதினேன். பத்துப் பன்னிரண்டு வார்த்தை போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

விழா அன்று மத்தியானம் ஹாலில் உட்கார இடமில்லை. முன் வரிசையில் முதலாளிகள், நடுவில் பெற்றோர், பின்னால் சுவரை ஒட்டி வேலையிலிருந்து நேராக வந்த ஆண்கள். கம்ப்யூட்டரை ஒரு டிவியோடு இணைத்து மேடையில் வைத்திருந்தேன். இறுதிச் சுற்றில் இரண்டே பேர். வேலூரிலிருந்து வந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிப் பெண் ஒருத்தி, எங்கள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. எங்களவளின் அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் தோல் பதனிடும் வேலை. அம்மா ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள்.

மைக்கைப் பிடித்து நானே அறிவித்தேன்: "கம்ப்யூட்டர் சொல்றதுதான் முடிவு. அதுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது."

கைதட்டினார்கள். கட்டத்தைக் கரும்பலகையில் எழுதினேன்.

S  L  O  M
R  E  E  D
P  H  A  N
I  K  T  S

மூன்று நிமிடம். மணி அடித்ததும் இருவரும் பென்சிலை வைத்தார்கள். வேலூர் பள்ளியிலிருந்து வந்த இங்கிலீஷ் சார் ஒவ்வொரு வார்த்தையாக வாசிக்க, நான் டைப் அடித்தேன். வேலூர் பெண்ணின் தாள் முதலில். மாடல் என்றார். உண்டு என்று திரையில் வந்தது. ரீட், உண்டு. அடுத்து தட் என்றார். இல்லை என்று வந்தது. சபை முணுமுணுத்தது. நான் எழுந்து பலகையில் காட்டினேன். T, H, A வரை சரி. மறுபடி T வேண்டும் என்றால் கிளம்பின கட்டத்தையே மிதிக்க வேண்டும். வேறு T கிடையாது. எல்லோரும் தலையாட்டினார்கள். முன் வரிசையில் ஒரு முதலாளி பக்கத்து ஆளிடம், "ஏமாத்த முடியாது பாத்தியா" என்றது என் காதில் விழுந்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

அதற்கப்புறம் ஸ்லீப் என்றார் சார். இல்லை என்றது. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, எழுந்துகூடப் பார்க்காமல் குறுக்கே கோடு போட்டேன். அந்தப் பெண் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பெண்ணின் தாள் வந்தது. ஹேண்ட், ஹீட் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வந்தோம். கடைசி வார்த்தைக்கு வரும்போது வேலூர் இருபத்துமூன்று, எங்களுக்குப் பத்தொன்பது.

சார் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "லெதர்" என்றார்.

ஹால் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. அந்த ஊரில் அந்த வார்த்தை தெரியாதவர் யார்? ஏழு எழுத்து. வந்தால் கப்பு எங்களுக்கு. நான் டைப் அடித்தேன்.

இல்லை.

"ரெண்டு E வேணும். ஒரே E-யை ரெண்டு வாட்டி எடுத்துட்டா போல" என்றார் சார்.

"இல்ல சார்" என்றாள் எங்கள் பெண். "ரெண்டு E இருக்குது. நான் ரெண்டும்தான் எடுத்தேன்."

"கம்ப்யூட்டர் இல்லன்னு சொல்லுதேம்மா."

"அது தப்பா சொல்லுது சார்."

பின்னாலிருந்து சிலர் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். "மிஸ், நீங்க பாருங்க மிஸ்."

பார்த்தேன். L-லிருந்து கீழே இருக்கிற E, அங்கிருந்து மூலையில் A, கீழே T, மூலையில் H, அங்கிருந்து இன்னொரு E. அதுவரை போகிறது. ஆனால் அந்த E-யிலிருந்து R எட்டாது. மெஷின் சொன்னது சரி என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் E இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். L-லிருந்து மூலையில் இருக்கிற E, கீழே A, கீழே T, மூலையில் H, மேலே முதல் E, பக்கத்தில் R. ஒரு கட்டம்கூட இரண்டு தடவை வரவில்லை. வழி இருக்கிறது.

 தாளாளர் அதற்குள் மேடையேறி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"விடுங்க டீச்சர். வந்தவங்க ஜெயிச்சிட்டுப் போறாங்க. மிஷின் தப்புன்னு இவங்க முன்னாடி சொன்னா நம்ம மானம் போய்டும்."

"சார், அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி."

"சரியாவே இருக்கட்டும்."

அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். உட்காரச் சொல்லி இங்கிலீஷ் சார் கையைக் காட்டியும் உட்காரவில்லை. பின்சுவர் ஓரம் அவள் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. மகள் பொய் சொல்லிவிட்டாளோ என்று யோசிக்கிற முகம். அதைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"வார்த்தை கட்டத்துல இருக்கு. தப்பு நான் எழுதின ப்ரோக்ராம்ல" என்று மைக்கில் சொன்னேன். பலகைக்குப் போய் விரலால் வழியைக் காட்டினேன்.

இங்கிலீஷ் சார் விடவில்லை. அவர் கோபப்படவில்லை, நியாயமாகத்தான் கேட்டார். "கம்ப்யூட்டர் சொல்றதுதான் முடிவுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? இப்ப உங்க பொண்ணுக்கு ஒண்ணுன்னா மாத்துவீங்களா? மிஷினே சரின்னு சொல்லட்டும், ஒத்துக்கிறேன்."

பத்து நிமிடம் அவகாசம் கேட்டேன். ப்ரோக்ராமைத் திரையில் கொண்டுவந்து வரிவரியாகப் பார்த்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது. முந்நூறு பேர் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதலாளிகளில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ பிள்ளையை அதட்டினார்கள். எழுத்துகள் கண்முன் நீந்தின. ஒவ்வொரு கட்டத்துக்கும் போகும்போது மிதித்தாயிற்று என்று குறி வைக்கிறேன், அது இருக்கிறது. பக்கத்துக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடுகிறேன், அது இருக்கிறது. வழி இல்லை என்றால் திரும்பி வருகிறேன். திரும்பி வரும்போது?

திரும்பி வரும்போது குறியை அழிக்கவே இல்லை.

ஒரு வழியில் போய் முட்டிக்கொண்டு திரும்பினால், அந்த வழியில் மிதித்த கட்டமெல்லாம் மறுபடி காலி என்று ஆக வேண்டும். நான் ஆக்கவில்லை. அதனால் தப்பான வழியில் மிதித்த இரண்டாவது E, சரியான வழிக்குத் தேவைப்பட்டபோது ஏற்கெனவே மிதித்ததாகவே கிடந்தது. முதல் முயற்சியிலேயே கிடைக்கிற வார்த்தைகளை மட்டும் போட்டுப் பார்த்ததால் எனக்கு இது தெரியவே இல்லை.

ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஓட்டினேன். லெதர் என்று அடித்தேன்.

உண்டு.

ஹால் அதிர்ந்தது. பெஞ்சைத் தட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். சாரே சிரித்துக்கொண்டு கை தட்டினார். தாளாளர் முதலாளிகளைப் பார்த்து இப்போதுதான் மூச்சு விட்டார். இருபத்தாறு, இருபத்துமூன்று. கப்பை மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

என் மேஜையில் வேலூர் பெண்ணின் தாள் இருந்தது. அதில் நான் போட்ட குறுக்குக் கோடு.

ஸ்லீப். அதிலும் இரண்டு E.

வேறு யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்தப் பெண்ணுக்கே இல்லை, அவள் பையை மூடிக்கொண்டிருந்தாள். நான் டைப் அடிக்காமல் இருந்தால் போதும். அடிக்கத் தேவையே இல்லை, எனக்குத் தெரிந்துவிட்டது: S, L, மூலை E, பக்கத்து E, அங்கிருந்து மூலையில் P.  எங்கள் பெண் கப்பை வாங்க மேடைக்கு ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றேன். மைக் இல்லாமல் சொன்னதால் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி மைக்கில் சொன்னேன். "இதே தப்பால இன்னும் எதனா வார்த்தை போயிருக்கலாம். இல்லைன்னு வந்ததை எல்லாம் திரும்பப் போட்டுப் பாக்கணும்."

தட் மறுபடியும் இல்லை என்றே வந்தது. ஸ்லீப், உண்டு.

ஐந்து எழுத்து. இருபத்தெட்டு, இருபத்தாறு.

இந்தத் தடவை யாரும் தட்டவில்லை. வேலூர் பெண் புரியாமல் விழித்தாள். சார், "கப்பை ரெண்டு பேருமா வாங்கட்டும் மேடம்" என்றார். வேண்டாம் என்றது எங்கள் பெண்தான். கோபத்தில் சொன்னாள். மேடையிலிருந்து இறங்கி நேராக வெளியே போய்விட்டாள்.

பள்ளி வாசலில் அவள் அப்பா எனக்காக நின்றிருந்தார். சட்டையில் தோல் வாடை.

"எம் பொண்ணு பொய் சொல்லலன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க மிஸ். அதுக்குக் கும்பிடறேன்" என்றார். கும்பிடவும் செய்தார். பிறகு தயங்கினார். "அந்த ரெண்டாவதை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம். கேக்கக் கூடாது, கேக்கறேன். யாரும் கேக்கலியே மிஸ்?"

 "முதல்ல சொன்னது உண்மைன்னா இதையும் சொல்லித்தான் ஆகணும்" என்று ஏதோ சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டினார். ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

தாளாளர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பெண்ணும் அந்த வருடம் முழுக்க, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாளே தவிர, என் கண்ணைப் பார்க்க மாட்டாள். பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்றெட்டு எடுத்தாள். பேப்பரைக் கொடுக்கும்போது, "ரெண்டு மார்க் எங்க போச்சு மிஸ்?" என்று கேட்டாள். நான் காட்டினேன். அவள் பார்த்தாள், ஒரு இடத்தில் விரலை வைத்து, "இங்க நீங்க தப்பா போட்டிருக்கீங்க" என்றாள். அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். நூறு என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.